கடுகு வெடித்த பிறகு

பருப்பு குழைய வெந்திருக்கும், உப்பும் சரியாக விழுந்திருக்கும். தாளித்துக் கொட்டிய பிறகு ஒரு வாய் வைத்தால் மட்டும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கி நிற்கும். பாத்திரத்தைக் கிளறிப் பார்த்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் நாலைந்து பூண்டுத் துணுக்குகள் மிதந்துகொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கருகிவிடுமோ என்ற பயத்தில் அவசரமாகக் கொட்டிய பூண்டு பல்லில் நறுக்கென்று கடிபட்டுப் பச்சை வாசனையோடு காரமாக ஏறும். சாப்பிட்டவர் சாயங்காலம் வரை அந்த வாடையோடுதான் பேச வேண்டும்.

இவை இரண்டும் ஒரே கரண்டியில் சேர்ந்து நடப்பதும் உண்டு. மேலே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும் பூண்டைப் பார்க்காத சமையலறை குறைவு. ஆகவே ‘இன்னும் கொஞ்ச நேரம் வை’, ‘சீக்கிரம் எடு’ என்று நேரத்தை மட்டும் பேசுவதில் பயனில்லை. பூண்டு போடும்போது எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தது, பூண்டு எந்த அளவில் நறுக்கப்பட்டிருந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

சமையல் குறிப்புகள் இதை ஒரே வரியில் மறைத்துவிடுகின்றன. ‘எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியில் உள்ள ஐந்து பொருளுக்கும் ஐந்து விதமான சூடு வேண்டும். அவற்றில் கடுகும் பூண்டும் இரண்டு எதிர்முனைகள்.

கடுகு வெடிப்பது உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிப்பதால். அது சடசடவென்று ஒரே வீச்சில் வெடிக்க வேண்டுமானால் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காயாத எண்ணெயில் போட்ட கடுகு ஊறிக் கிடந்து கசக்கும். ஆக, கடுகு வெடிக்கிற நேரத்தில் எண்ணெயின் சூடு 150 டிகிரியை நன்றாகவே தாண்டியிருக்கும். கடுகு அடங்கியதும் அதே தீயில், அதே சூட்டில் பூண்டைக் கொட்டுகிறோம். வெளிப்புறம் அரை நிமிடத்தில் சிவந்து, அதற்கடுத்த கால் நிமிடத்தில் கறுத்துவிடுகிறது. உள்ளே சூடு போய்ச் சேரவே நேரம் கிடைப்பதில்லை.

பூண்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் கருகுகிறது என்பதை வெங்காயத்தை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். பெரிய வெங்காயத்தில் கிட்டத்தட்ட 90 பங்கு தண்ணீர்தான். அது வற்றும் வரை வெங்காயம் சிவக்காது. வதக்குகிறவர் கை வலிக்கக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பூண்டில் தண்ணீர் சுமார் 60 பங்கு. மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து வகையைச் சேர்ந்த ஃபிரக்டான் என்ற பொருள். பல ஃபிரக்டோஸ் சர்க்கரைகள் கோத்துச் சங்கிலியாக நிற்பதுதான் ஃபிரக்டான். சர்க்கரைகளிலேயே வெகு சீக்கிரம் சிவக்கிற, கருகுகிற ரகம் ஃபிரக்டோஸ். நாம் காரமான பண்டம் என்று நினைக்கிற பூண்டு, எண்ணெயில் விழுந்தால் ஒரு இனிப்புப் பண்டத்தைப் போலத்தான் நடந்துகொள்கிறது.

ஈரம் இருக்கும் வரை பூண்டுத் துண்டின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். சுற்றியுள்ள எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும், அந்தச் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் துண்டின் சூடு மேலே ஏறத் தொடங்கும். 140 டிகிரியை ஒட்டி, பூண்டில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912-இல் விவரித்த வினை இது. ரொட்டி சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபடும்போது மணப்பதும் இதனால்தான். இதே வினை எல்லை தாண்டிப் போனால் கசப்பான பொருள்கள் உண்டாகின்றன. பொன்னிறத்துக்கும் கசப்புக்கும் நடுவே, சிறு தீயில்கூட, சில நொடிகள்தான் இடைவெளி.

பச்சைக் காரத்துக்குக் காரணம் வேறு. உரித்து முழுதாக வைத்திருக்கும் பூண்டுப் பல்லில் வாடை பெரிதாக இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். கத்தி பட்டதும்தான் கண்ணைக் கரிக்கிற மணம் கிளம்புகிறது. செல்களுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த ஒரு கந்தகச் சேர்மமும் ஒரு நொதியும் அப்போது கலந்து, அல்லிசின் என்ற காரமான பொருள் உருவாகிறது. நசுக்க நசுக்க அல்லிசின் கூடும். சூடு பட்டால் நொதி செயலிழக்கும். உருவான அல்லிசினும் சிதைந்து, மென்மையான மணமுள்ள வேறு கந்தகச் சேர்மங்களாக மாறும். பூண்டு பச்சையாக இருக்கிறது என்று நாம் சொல்வதன் பொருள், துண்டின் நடுவரை இந்த மாற்றம் நடக்கவில்லை என்பதுதான்.

ஆகவே நடுப்பகுதி வேகும் வரை மேற்பரப்பு கருகாமல் காத்திருக்க வேண்டும். நறுக்குகிற விதம் இதில் பாதி வேலையை முடித்துவிடும். நம் வீடுகளில் தாளிப்புக்குப் பூண்டைக் கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுவதுதான் வழக்கம். மணத்துக்கு அது நல்லது. நிறத்துக்குத்தான் கெடுதல். தட்டிய பூண்டில் ஒரு பக்கம் நூல் போலக் கிழிந்திருக்கும், இன்னொரு பக்கம் கட்டியாக நிற்கும். நூல் பகுதி கருகும்போது கட்டிப் பகுதி இன்னும் சூடாகிக்கொண்டுதான் இருக்கும். கசப்பும் பச்சையும் ஒரே கரண்டியில் சேர்வது இப்படித்தான். பொடியாகக் கொத்துவதிலும் இதே சிக்கல் உண்டு. கத்திக்கு அடியில் தப்பிய பெரிய துண்டுகளும் தூள் தூளானவையும் கலந்தே விழும்.

மெல்லிய வில்லைகளாகச் சீவுவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் கனம், அதாவது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் போதும். அதைவிட மெல்லியதாகச் சீவினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகும். முக்கியமானது கனம் அல்ல, எல்லா வில்லைகளும் ஒரே கனத்தில் இருப்பது. தட்டிப் போட்டால்தான் ருசி என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், எட்டுப் பல்லில் ஏழைச் சீவி, ஒன்றை மட்டும் தட்டி, கொதிக்கிற பருப்பிலேயே போட்டுவிடலாம். இரண்டு கட்சிக்கும் சம்மதம்.

பூண்டை எளிதாக உரிக்கத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்கள் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும். மேலே ஒட்டிய ஈரம் எண்ணெயில் பட்டுத் தெறிக்கும். தெறிப்புக்குப் பயந்து கை பின்வாங்குகிற அந்த நொடிகளில்தான் பூண்டு கைமீறிப் போகும். கடையில் கிடைக்கும் இஞ்சி பூண்டு விழுதைத் தாளிப்பில் போடவே வேண்டாம். அது கரண்டியின் அடியில் ஒட்டிக் கருகும். வில்லைக்கு அது மாற்றல்ல.

இனி ஒரு பாசிப்பருப்புக் கடையலைத் தாளித்துப் பார்ப்போம். நாலு பேருக்கு 150 கிராம் பருப்பு, மஞ்சள் தூள் சேர்த்து வேகவைத்துக் கடைந்து, தளதளவென்று அடுப்பில் சிறு தீயில் இருக்கிறது. தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, இரண்டு வரமிளகாய், எட்டுப் பல் பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு சிட்டிகை பெருங்காயத்தூள். எண்ணெயைக் கண்டு மலைக்க வேண்டாம். பூண்டு எண்ணெயில் நீந்த வேண்டும். அரைக் கரண்டி எண்ணெயில் அது அடியில் படுத்துக்கொண்டு, தொட்ட பக்கம் கருகி, மேல் பக்கம் வெள்ளையாகவே நிற்கும். எண்ணெய் குறைவாகத்தான் ஊற்றுவேன் என்றால், குழிவான தாளிக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து எண்ணெயை ஒரு மூலையில் தேக்கிக்கொள்ளலாம்.

எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடுங்கள். வெடித்து அடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். குறைப்பது போதாது, அணைக்கத்தான் வேண்டும். இரும்புத் தாளிக்கரண்டி சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். இருபது முப்பது நொடி அப்படியே விட்டுவிட்டு, ஒரே ஒரு வில்லையை எண்ணெயில் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்து, மெல்லிய ‘சொய்ங்’ சத்தம் எழுந்தால் சரியான சூடு. விழுந்ததும் சீறிக்கொண்டு, ஓரம் உடனே நிறம் மாறினால் இன்னும் ஆறட்டும். குமிழே வராவிட்டால் எண்ணெய் ஆறிப்போய்விட்டது, கொஞ்சம் சூடேற்றிக்கொள்ளலாம். பிறகு எல்லா வில்லைகளையும் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, மிகச் சிறிய தீயில் வையுங்கள்.

இங்கிருந்து ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். கடிகாரத்தை விடக் காதை நம்பலாம். முதலில் குமிழ்கள் நெருக்கமாக, சத்தம் ஒரே சீராக இருக்கும். பூண்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் சத்தம் அது. அந்தக் கட்டத்தில் பூண்டு கருகாது. கிளறிக்கொண்டே இருந்தால் போதும். ஒரு நிமிடம் போல ஆனதும் குமிழ்கள் கலைந்து பெரிதாகி, சத்தம் தணியும். மூக்கைக் கரித்த வாடை போய், வறுத்த கொட்டைப் பருப்பு போன்ற இனிப்பு மணம் வரும். வில்லையின் ஓரம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கும். சத்தம் தணிந்ததைக் கேட்டதும் கை வேறெங்கும் போகக் கூடாது. தண்ணீர் காவல் முடிந்துவிட்டது. இனிமேல் சூடு நேராகச் சர்க்கரைமேல் இறங்கும்.

உளுத்தம்பருப்பைப் போட வேண்டிய நேரம் இதுதான். கடுகோடு சேர்த்துப் போட்டுவிடுவதுதான் பொது வழக்கம். அப்படிச் செய்தால், பூண்டு சிவப்பதற்குள் பருப்பு கறுத்துவிடுகிறது. பருப்பு சிவந்துவிட்டதே என்று அவசரப்பட்டுப் பூண்டைப் பச்சையாகக் கொட்டுகிறவர்களும் இதனால்தான் உண்டாகிறார்கள். பூண்டின் ஓரம் வெண்ணெய் நிறமாகும்போது உளுத்தம்பருப்பும் கிள்ளிய மிளகாயும் சேர்ந்தால், மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும்.

ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே கறிவேப்பிலையைப் போட்டுவிடுங்கள். அதன் ஈரம் எண்ணெயைக் கொஞ்சம் குளிரவைக்கும். மணத்துக்குப் போடுகிற இலை இங்கே பிரேக் போலவும் வேலை செய்கிறது. பெருங்காயத்தைத் தூவி, அடுப்பை அணைத்து, உடனே பருப்பில் கொட்டி மூடிவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே’ என்று தோன்றுகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும். அடுப்பை அணைத்தாலும் இரும்பும் எண்ணெயும் சுட்டுக்கொண்டே இருக்கும். தொலைபேசி அடித்தது, கரண்டியை மேடையில் வைத்துவிட்டுப் போனேன் என்றால், திரும்பி வரும்போது கறுத்திருக்கும். பருப்பில் விழுந்த மறுநொடி பூண்டின் சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்கி, சிவப்பது நின்றுவிடும். ஆகவே கடைந்த பருப்பு தாளிப்புக்கு முன்பே தயாராக இருப்பது அவசியம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய முடியாது, இண்டக்‌ஷன் அடுப்பு, தீ என் சொல் கேட்பதில்லை என்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. காயாத எண்ணெயிலேயே பூண்டைப் போட்டுச் சிறு சூட்டில் வையுங்கள். எண்ணெயும் பூண்டும் ஒன்றாகச் சூடேறுவதால் நடுப்பகுதி முதலில் வெந்து, பிறகே வெளிப்புறம் சிவக்கும். வெளிர் பொன்னிறத்தில் சல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதே எண்ணெயை நன்றாகக் காயவிட்டுக் கடுகும் மற்றவையும் தாளித்து, கடைசியில் பூண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு தட்டு கூடுதலாகக் கழுவ வேண்டும் என்பதைத் தவிர இதில் குறை இல்லை. புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு இதுதான் தப்பாத வழி.

சின்ன வெங்காயமும் சேர்த்துத் தாளிக்கிற சாம்பார், கூட்டு வகைகளில் வேலை இன்னும் எளிது. பூண்டின் ஓரம் நிறம் மாறத் தொடங்கியதும் நறுக்கிய வெங்காயத்தைக் கொட்டினால், அதன் தண்ணீர் எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும். வெங்காயம் வதங்கி முடிகிற வரை பூண்டு கருக வழியில்லை.

கைமீறிப் போனால் என்ன செய்வது? பச்சையாக விழுந்துவிட்ட பூண்டைக் காப்பாற்றலாம். பருப்பைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் காரம் அடங்கி, பூண்டு மெத்தென்று வெந்துவிடும். வறுத்த மணம் கிடைக்காது. மற்றபடி சாப்பிடுவதற்குக் குறையில்லை. கருகிய பூண்டுக்கு வைத்தியமே கிடையாது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாலும் கசப்பும் கருகல் வாடையும் எண்ணெயில் இறங்கியிருக்கும். சர்க்கரையோ எலுமிச்சையோ அதை மறைக்காது. அந்த இரண்டு கரண்டி எண்ணெயைக் கொட்டிவிட்டு, புதிதாகத் தாளிப்பதுதான் ஒரே வழி. எண்ணெயைப் பார்த்து மனம் வராமல் பருப்பையே கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சந்தேகம் வரும்போது வெளிர் நிறத்தில் எடுத்துவிடுவதே மேல் என்பதற்கும் காரணம் இதுதான்.

பூண்டின் வயதும் கணக்கில் வரும். புதுப்பூண்டில் ஈரம் அதிகம். சத்தம் தணிய நேரம் எடுக்கும், சிவப்பதும் தாமதமாகும். மாதக்கணக்கில் காய்ந்த பூண்டு தண்ணீரை இழந்திருப்பதால் திடுமென நிறம் மாறும். பல்லைக் கீறினால் நடுவில் பச்சை முளை தெரிகிறதா, அதைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். பொன்னிறமாக எடுத்தும் கசக்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த முளையைத்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் கூடிய ரகம். அதைத் தாளிக்கிறவர்கள் எட்டுப் பல்லுக்குப் பதில் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் கடைசியில் கொட்டுகிற தாளிப்புக்குச் சொன்னது. வத்தக்குழம்பில் தாளிப்புதான் ஆரம்பம். அங்கே பூண்டு முழுப் பல்லாகவே விழும். நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வெந்ததா என்பதுதான் கேள்வி. நல்லெண்ணெயில் சிறு தீயில் நாலைந்து நிமிடம் வதக்கி, கத்தி முனையால் குத்தினால் தடையின்றி இறங்குகிற பதம் வந்த பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் எளிதில் கரையாது. அரைவேக்காட்டுப் பூண்டின் மேல் புளியை ஊற்றிவிட்டால், குழம்பு சுண்டிய பிறகும் அது கடுக்கென்றே நிற்கும்.

தினமும் சீவ நேரமில்லை என்று ஒரு வாரத்துக்கான பூண்டை மொத்தமாகப் பொரித்து, எண்ணெயோடு பாட்டிலில் போட்டு மேடையில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்ணுக்குள் விளையும் பூண்டில் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். சாதாரணச் சமையல் சூட்டில் அவை முழுதாகச் சாவதில்லை. காற்று புகாத, புளிப்பில்லாத எண்ணெய்க்குள் அறைச் சூட்டில் கிடந்தால் அவை முளைத்து, உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கக்கூடும். வாடையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மொத்தமாகச் செய்தால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மேடையில் மறந்துபோய் நின்றதை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.